'குலசை ராக்கெட் தளத்துல வேலை'ன்னு மெயில் வந்தா எதைப் பார்க்கணும்?

குலசேகரன்பட்டினத்துல இஸ்ரோவோட இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினாங்க. வேலை வருதுன்னு ஊரே பேசுற இடத்துல, போலி ஆஃபர் அனுப்புறவனுக்கும் கதை ரெடி. ஒரு கற்பனை மெயிலை எடுத்துப் பிரிச்சுப் பார்ப்போம்: "டெக்னீசியன் பணி. நாளை வாட்ஸ்அப்பில் இன்டர்வியூ. தேர்வானால் 4,500 ரூபாய் டெபாசிட், பிறகு திருப்பித் தரப்படும்."

1. முகவரியைப் பின்னாலிருந்து படிங்க

அனுப்பியவர் பெயரா 'ISRO HR'னு யார் வேணும்னாலும் வச்சுக்கலாம். அதனால @ குறிக்குப் பிறகு இருக்கிறதைப் பாருங்க. gov.in-ல் முடியுற முகவரி அரசுக்கு மட்டும்தான், அதைத் தனியார் வாங்க முடியாது. ஆனா `isro.gov.in.jobs-apply.com` மாதிரி வந்தா, உண்மையான டொமைன் கடைசியில் இருக்கிற jobs-apply.com தான். முன்னாடி இருக்கிற isro.gov.in வெறும் அலங்காரம். `isro-gov.in`-ல புள்ளிக்குப் பதில் கோடு இருக்கு. அதுவும் வேற டொமைன்.

ஜிமெயிலில் 'Show original' போய் SPF, DKIM ரெண்டும் PASS-ன்னு பார்த்து நிம்மதியாகிடாதீங்க. மெயில் ஏதோ ஒரு டொமைனோட அனுமதியோட வந்ததுன்னு மட்டுமே அதுக்கு அர்த்தம். மோசடிக்காரன் சொந்தமா வாங்கின டொமைனுக்கும் PASS வரும்.

2. விளம்பரத்தை நீங்களே தேடுங்க

வேலைவாய்ப்பு போர்ட்டலில் பார்த்தா மட்டும் போதாது. போலி விளம்பரம் அங்கேயும் ஏறிடும். மெயிலில் இருக்கிற லிங்க்கைத் தொடாம, isro.gov.in-னு நீங்களே டைப் பண்ணி வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போங்க. விளம்பர எண், பதவி, கடைசித் தேதி மூணும் ஒத்துப்போகணும். நீங்க விண்ணப்பிக்கவே இல்லாத வேலைக்குத் 'தேர்வாகிட்டீங்க'ன்னு வந்தா, அங்கேயே கதை முடிஞ்சது.

3. இன்டர்வியூ நடக்கிற விதம்

மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. இஸ்ரோ டெக்னீசியனுக்கு எழுத்துத் தேர்வு, பிறகு திறன் தேர்வு, அவ்வளவுதான். அப்போ நம்ம மெயிலில் இருக்கிற 'வாட்ஸ்அப் இன்டர்வியூ' என்ற ஒரு வார்த்தையே அதைக் காட்டிக் கொடுத்துடுது.

பணம்? தேர்வுக் கட்டணம் இருந்தா விளம்பரத்திலேயே போட்டிருக்கும். விண்ணப்பிக்கும்போது இணையதளத்தில் கட்டுவோம். தேர்வான பிறகு ஒருத்தரோட யுபிஐ-க்கு டெபாசிட் கேட்டா, அது மோசடி.

தளத்தில் வேலை செய்யும் தனியார் கான்ட்ராக்டர் பெயரில் மெயில் வந்தா? தனியாரில் வீடியோ இன்டர்வியூ சகஜம், அதை மட்டும் வச்சு சந்தேகப்பட முடியாது. கம்பெனியோட சொந்த வெப்சைட்டில் இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணி, அந்த வேலையும் அந்த ஹெச்ஆரும் உண்மையான்னு கேளுங்க. மெயிலில் தந்த நம்பர் வேண்டாம்.

ஏற்கெனவே பணம் போயிடுச்சா? உடனே 1930-க்கு அழைச்சு, cybercrime.gov.in-லயும் புகார் பதியுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுறதுக்குள்ள சொன்னாத்தான் முடக்க வாய்ப்பு அதிகம்.