ஸ்டாப்பை அழுத்தியும் ஓடிய கன்வேயர்

குளிர்பானம் அடைக்கும் ஆலை ஒன்றில் நான் பராமரிப்புப் பிரிவில் இருந்தபோது நடந்தது இது. இரவு ஷிஃப்ட். பாட்டில்களைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் சிலிண்டரில் காற்று கசிந்தது. அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திவிட்டு வேலை பார்க்கலாம் என்று, லேப்டாப்பை மாட்டி உட்கார்ந்திருந்த பையன் பி.எல்.சி.யில் ஒரு பிட்டை ஆன் செய்தான். “அண்ணே, செக்‌ஷனை டிசேபிள் பண்ணியாச்சு” என்று குரல் கொடுத்தான். கன்வேயரோ ஓடிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் அண்ணன் பேனலில் ஸ்டாப் பட்டனை அழுத்தினார். ஓடியது. இன்னொரு முறை அழுத்தினார். அப்போதும் ஓடியது. சிவப்புக் காளான் பட்டனை அடித்த பிறகுதான் நின்றது.

ஸ்டாப் பட்டனில் ஒரு கோளாறும் இல்லை. அதை அழுத்தினார்களா என்று பார்க்கும் வரியையே பி.எல்.சி. படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆலை இயந்திரங்களை இயக்கும் இந்தச் சிறு கணினிக்கு ஒரே வேலைதான். சென்சார், பட்டன் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்கும். நிரலை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். கடைசியில் மோட்டாருக்கும் வால்வுக்கும் கட்டளை அனுப்பும். சில மில்லி விநாடிகளில் இது முடியும், உடனே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிரல் ஏணி வடிவத்தில் இருப்பதால் லேடர் என்று பெயர். ஒவ்வொரு வரியும் ஒரு படி, எங்கள் பேச்சில் ‘ரங்’. படியின் இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் காயில். நிபந்தனை சரியென்றால் காயிலில் 1 எழுதப்படும், இல்லையென்றால் 0. ஒரு காயிலில் கடைசியாக எது எழுதப்பட்டதோ, யாராவது மாற்றி எழுதும்வரை அதுவே அங்கே நிற்கும். மீதிக் கதை முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

அன்று பையன் ஆன் செய்தது JMP என்ற கட்டளைக்கான பிட். அது வந்தால் பி.எல்.சி. இடையிலுள்ள படிகளைத் தொடாமல் LBL என்ற அடையாளத்துக்குத் தாவிவிடும். தாவிய படிகளில் 1 எழுதுவாருமில்லை, 0 எழுதுவாருமில்லை. கன்வேயர் காயிலில் அந்த நொடி 1 இருந்தது; அப்படியே உறைந்துவிட்டது. நிறுத்தும் படியும் அந்த உறைந்த பகுதிக்குள்தான் இருந்தது.

ஒரு பகுதியை அணைப்பதற்கென்றே இருக்கும் கட்டளை MCR. விரிவு மாஸ்டர் கன்ட்ரோல் ரிலே. பி.எல்.சி. வருவதற்கு முன்பு இது உண்மையான ரிலே. பேனலின் ஒரு பகுதிக்கு மொத்தமாகச் சப்ளை கொடுப்பதும் நிறுத்துவதும் அதன் வேலை. 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பேனல்களுக்கு மாற்று தேடியதிலிருந்துதான் பி.எல்.சி.யின் கதை தொடங்குகிறது. எலெக்ட்ரீஷியன்களுக்குப் பழகிய ரிலே வரைபடமே லேடராக மாறியது. அதோடு இந்தப் பெயரும் நிரலுக்குள் வந்துவிட்டது.

MCR ஜோடியாக வரும். முதல் MCR-க்கு நிபந்தனை உண்டு; முடிவில் வருவதற்கு நிபந்தனை கிடையாது. முதலாவது பொய்யானால், இடையிலுள்ள படிகளைப் பி.எல்.சி. தாண்டிப் போகாது. ஒவ்வொன்றையும் படித்து, நிபந்தனை பொய் என்றே வைத்துக்கொள்ளும். எங்கள் தள்ளும் பகுதியைப் பழைய ஆலன்-பிராட்லி எஸ்.எல்.சி. முறையில் எழுதினால் இப்படி வரும்:

```
XIC I:1/5  MCR
BST XIC I:1/0 NXB XIC O:2/0 BND XIC I:1/1  OTE O:2/0
XIC I:1/2  OTL O:2/1
XIC I:1/4  OTU O:2/1
XIC I:1/3  TON T4:0 1.0 5 0
MCR
```

I:1/5 பராமரிப்புச் சாவி. அதைத் திருப்பியதும் என்ன ஆகிறது என்று படிப்படியாகப் பார்ப்போம். கன்வேயர் காயில் O:2/0 சாதாரண OTE வகை. அதில் 0 எழுதப்படும், மோட்டார் நிற்கும். ஸ்டார்ட் பட்டனைத் தன் கான்டாக்டாலேயே பிடித்துவைத்திருந்த இணைப்பும் அறுந்துபோகும். சாவியைத் திரும்பப் போட்டாலும் யாராவது ஸ்டார்ட்டை அழுத்தினால்தான் ஓடும். அடைப்பைக் கண்காணிக்கும் டைமர் T4:0 பூஜ்யத்துக்குப் போய்விடும். இதுவரை மனநிறைவு.

சிக்கல் O:2/1-இல். சிலிண்டரின் சோலனாய்டு அது. OTL என்பது பூட்டிவைக்கும் காயில். நிபந்தனை பொய்யானால் அது எதையும் எழுதாது. அவிழ்க்கும் OTU-வும் அதே வேலிக்குள் இருப்பதால் அதுவும் பொய், அதுவும் எழுதாது. ஆக, சாவியைத் திருப்பும் நேரத்தில் சிலிண்டர் நீட்டியிருந்தால் நீட்டியபடியே காற்றழுத்தத்தோடு நிற்கும். இதற்கு மருந்து, வேலிக்கு வெளியே ஒரு படி:

```
XIO I:1/5  OTU O:2/1
```

சாவி திரும்பியிருக்கும்வரை பூட்டு அவிழ்ந்தே கிடக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எங்கள் வால்வு ஸ்பிரிங்கால் திரும்பும் வகை. மின்சாரம் போனதும் சிலிண்டர் சட்டென்று உள்ளே இழுக்கும். அணைப்பது ஓர் அசைவையே உண்டாக்கும் இடங்கள் உண்டு. தூக்கிய பொருளைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பாக இருந்தால் அது பிடியை விட்டுவிடும். ஆகவே சாவியைத் திருப்பும்போது எல்லோரும் தள்ளி நிற்கவேண்டும்.

இதே காயிலை நிரலில் வேறெங்காவது இன்னொரு படியும் எழுதிக்கொண்டிருந்தால் வேலி வீண். வேலிக்குள் 0, பின்னால் வரும் படியில் 1. கடைசியாக எழுதியதுதான் ஜெயிக்கும். திரையை நம்பிவிடாமல், கிராஸ் ரெஃபரன்ஸில் அந்த முகவரியைத் தேடிப் பார்ப்பதும், அவுட்புட் கார்டில் விளக்கு அணைந்ததா என்று நேரில் பார்ப்பதும் இதற்காகத்தான்.

இரண்டு கட்டளைகளுக்கும் இடையே இன்னொரு வேறுபாடு இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. MCR நிபந்தனை பொய்யானால் அணைக்கிறது. JMP நிபந்தனை மெய்யானால் தாவுகிறது. சாவியிலிருந்து வரும் வயர் அறுந்தால் இன்புட் 0. MCR-இல் அதனால் பகுதி அணைந்துவிடும். JMP-இலோ தாவல் நின்று, இயந்திரம் உயிர்பெற்றுவிடும், உள்ளே கை வைத்திருக்கும்போதே. JMP தேவையில்லாத கட்டளை என்று சொல்லவரவில்லை. வாங்கிய இயந்திரத்தில் பொருத்தாத உபகரணத்துக்கான படிகளைத் தாண்டிப் போக அது நல்ல வழி. அசையும் எதையும் அதைக் கொண்டு அணைக்கக் கூடாது என்பதே என் கட்சி. (மிட்சுபிஷியில் வேலை செய்கிறவர்கள் குழம்பவேண்டாம்: அங்கே வேலியைத் திறப்பது MC, மூடுவதுதான் MCR, தாவல் CJ.)

இவ்வளவும் செய்த பிறகும் கையை உள்ளே விடக் கூடாது. தயாரிப்பாளர் கையேடே சொல்கிறது: வயரில் இணைத்த உண்மையான மாஸ்டர் கன்ட்ரோல் ரிலேக்கு MCR கட்டளை மாற்றாகாது. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு விதி 1910.147-ம் பட்டன், செலக்டர் சுவிட்ச் போன்றவற்றைச் சக்தியைத் துண்டிக்கும் கருவியாக ஏற்பதில்லை. அவுட்புட் கார்டின் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் நிரலில் 0 இருந்தும் மோட்டார் ஓடும். வேறொருவர் அலுவலகத்திலிருந்து நிரலை மாற்றலாம். வேலை பார்ப்பவர் ஐசொலேட்டரை இறக்கித் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்திருக்கவேண்டும். MCR செய்தது பகுதியை ஒழுங்காக நிற்கவைத்தது மட்டும்.

அன்றிரவு கடைசியில் நாங்கள் அதைத்தான் செய்தோம். மோட்டார் ஐசொலேட்டரில் இரண்டு பூட்டு, காற்று வால்வு மூடியாயிற்று. ஸ்டார்ட்டை அழுத்திப் பார்த்தோம், கன்வேயர் அசையவில்லை. பையன் சோலனாய்டின் மேலிருக்கும் கைப் பொத்தானை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு அழுத்து அழுத்தினான். சிலிண்டர் ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. குழாயில் காற்று மிச்சம் இருந்திருக்கிறது. ஃபிட்டர் அண்ணன் ஒன்றும் பேசாமல் வடிகால் குழாயைத் திறந்துவிட்டார்.