சார்ஜ் லிஸ்டில் வராதவை

கணினி ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது சார்ஜ் லிஸ்ட் எழுதுவார்கள். கணினி 30, பிரிண்டர் 1, ஸ்விட்ச் 2, யு.பி.எஸ். 1 என்று எண்ணிக்கை சரியாக இருக்கும். புதியவர் கையெழுத்துப் போடுவார். எந்த கேபிள் எங்கே போகிறது, நெட் நின்றால் முதலில் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் பழையவரோடு பஸ் ஏறிப் போய்விடும். அதை எழுதிவைக்க நாலைந்து பக்கம் போதும்.

முதல் பக்கம் முகவரிகளுக்கு. லேபில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.10.1 போல ஒரு ஐ.பி. முகவரி உண்டு. நம் லேபில் ரவுட்டருக்குக் கடைசி எண் 1 என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டர், சர்வர் போல முகவரி மாறக் கூடாதவற்றுக்கு 10 முதல் 49 வரை நாமே போட்டுவைப்பது. மாணவர் கணினிகளுக்கு 100 முதல் 199 வரை ரவுட்டரே தருவது. இந்தப் பிரிவினை சும்மா இல்லை. பிரிண்டருக்கு 105 என்று போட்டுவிட்டால், அது அணைந்திருக்கும் நேரத்தில் ரவுட்டர் அதே எண்ணை ஒரு கணினிக்குக் கொடுத்துவிடலாம். பிறகு பிரிண்டரை ஆன் செய்ததும் இரண்டும் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ளும். ஒருநாள் அச்சாகும், ஒருநாள் ஆகாது. நல்ல பிரிண்டர் ரிப்பேர் கடைக்குப் போவது இப்படித்தான்.

அடுத்தது ஸ்விட்ச். அதன் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிரே, அந்த கேபிளின் மறுமுனை எந்த அறையில், எந்தச் சுவர்ப் பாயின்ட்டில் இருக்கிறது என்று எழுத வேண்டும். கேபிளின் இரண்டு முனையிலும் அதே எண்ணை ஒட்ட வேண்டும். சலிப்பான வேலைதான். இதன் அருமை கீழே சொல்லும் கோளாறு வரும் நாளில் தெரியும்.

ஆசிரியர் அறையில் சிக்னல் போதவில்லை என்று ஒருவர் வீட்டிலிருந்த பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர்ப் பாயின்ட்டில் செருகுகிறார். அந்தப் பெட்டிக்கும் முகவரி வழங்கும் பழக்கம் உண்டு. இனி புதிதாக ஆன் ஆகும் கணினிகளுக்கு இரண்டு ரவுட்டர்களில் எது முந்துகிறதோ அதன் முகவரி கிடைக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை பழைய முகவரியோடு நன்றாகவே ஓடும். ஆக, பாதி லேபில் நெட் வரும், பாதியில் வராது. வராத கணினியை ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் வந்தும்விடும். கணினி பழுது, வைரஸ் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

நெட் வராத கணினியில் `ipconfig` அடித்துப் பாருங்கள். Default Gateway என்ற வரியில் 192.168.10.1 இருக்க வேண்டும். 192.168.0.1 என்று இருந்தால், அந்நியப் பெட்டி ஒன்று உள்ளே வந்திருக்கிறது. (கணினியின் முகவரியே 169.254 என்று தொடங்கினால் அது வேறு கதை: யாருமே முகவரி கொடுக்கவில்லை. கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.) அதே கணினியில் இதை ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.0.1
```

திரையில் Reply என்று வந்துகொண்டே இருக்கும். இப்போது ஸ்விட்சில், வெளி அறைகளுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சில விநாடி பார்த்து, திரும்பச் செருகுங்கள். எதைக் கழற்றும்போது Reply நிற்கிறதோ அந்தப் போர்ட்டில்தான் ஆள் இருக்கிறார். இரண்டு ஸ்விட்சுகளையும் இணைக்கும் கேபிளில் நின்றால், தேட வேண்டியது அடுத்த ஸ்விட்சில். போர்ட் 22 என்று தெரிந்ததும் குறிப்பைப் புரட்டினால் ‘ஆசிரியர் அறை, ஜன்னல் பக்கம்’ என்று இருக்கும். குறிப்பு இல்லாத பள்ளியில் கேபிளைப் பிடித்துக்கொண்டு ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஏற வேண்டியதுதான். பெட்டியைக் கழற்றியபின் தவறான முகவரி பெற்ற கணினிகளை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி வேண்டும்: ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் துளையில் குண்டூசி விடாதீர்கள். பல ரவுட்டர்களில் அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முகவரிப் பிரிவினையும் நெட் கம்பெனி கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டும் அழிந்துவிடும். ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு. அதையும் மீறி யாராவது அழுத்திவிட்டால் மீட்பதற்கு, ரவுட்டர் அமைப்பின் பேக்கப் ஃபைல் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும். அந்த பென் டிரைவையும் பாஸ்வேர்டுகளையும் ஒட்டிய கவரில் போட்டுத் தலைமை ஆசிரியர் பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டைக் குறிப்பேட்டிலேயே எழுதினால் அதை முதலில் படிப்பவன் பத்தாம் வகுப்புப் பையன்தான்.

சார்ஜ் கொடுக்கும் நாளில் ஒரு கேபிளை நீங்களே கழற்றிவிட்டு, குறிப்பை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லிப் புதியவரிடம் கொடுங்கள். அவர் எந்த வரியில் திணறுகிறாரோ அந்த வரியைத் திருத்திய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.