8.80 எப்படி 8 ஆனது?

ஒரு கம்பெனியின் சென்ற ஆண்டு அறிக்கையில், பங்கு ஒன்றின் வருவாய், அதாவது இ.பி.எஸ், ரூ.8.80 என்று இருந்தது. இந்த ஆண்டு அறிக்கையில் அதே சென்ற ஆண்டுக்கு ரூ.8.00 என்று போட்டிருக்கிறார்கள். லாபத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. இதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் இடையில் உரிமைப் பங்கு வெளியீடு நடந்திருந்தால், அப்படித் திருத்துவதுதான் முறை.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஏப்ரல் 1 அன்று கம்பெனியிடம் 10 லட்சம் பங்குகள் இருந்தன. அக்டோபர் 1 அன்று, நான்கு பங்குக்கு ஒன்று என்ற விகிதத்தில், ரூ.60 விலையில் உரிமைப் பங்கு கொடுத்தார்கள். அப்போது சந்தை விலை ரூ.110. ஆக, 2.5 லட்சம் புதிய பங்குகள். உள்ளே வந்த பணம் ரூ.1.5 கோடி.

நான்கு பங்கு வைத்திருந்தவரிடம் ரூ.440 மதிப்பு இருந்தது. ரூ.60 கட்டியபின் அவரிடம் ஐந்து பங்கும் ரூ.500 மதிப்பும் இருக்கும். எனவே வெளியீட்டுக்குப் பின் ஒரு பங்கின் கணக்கு விலை ரூ.100. இந்த விலையில் ரூ.1.5 கோடிக்கு 1.5 லட்சம் பங்குகள்தான் கிடைக்க வேண்டும். கொடுத்ததோ 2.5 லட்சம். மிச்சமுள்ள 1 லட்சம் பங்குகளுக்குக் கம்பெனிக்குக் காசே வரவில்லை. பெயர்தான் உரிமைப் பங்கு. அந்த அளவுக்கு அது போனஸ் பங்குதான்.

பணம் கொண்டுவராத பங்கு லாபத்தைக் கூட்டாது. அதனால் போனஸ் பங்குகளை ஆரம்பத்திலிருந்தே இருந்தவையாகப் பாவிக்க வேண்டும் என்கிறது இண்ட் ஏ.எஸ் 33 என்ற கணக்கியல் தரநிலை. ஆண்டின் தொடக்கத்திலேயே 11 லட்சம் பங்குகள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய 1.5 லட்சம் பங்குகளின் கதை வேறு. அந்தப் பணம் ஆறு மாதம்தான் கம்பெனியில் உழைத்தது. ஆகவே அதில் பாதியை, 75 ஆயிரத்தை, மட்டும் சேர்க்கிறோம். இந்த ஆண்டின் நிறையிட்ட சராசரிப் பங்கு எண்ணிக்கை 11.75 லட்சம்.

சென்ற ஆண்டையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பத்துப் பங்கு பதினொன்றாகப் பெருகியதால் 8.80-ஐ 1.1-ஆல் வகுக்கிறார்கள். அதுதான் 8.00.

இனி லாபம். வரிக்குப் பின் ரூ.1.02 கோடி. ஆனால் அத்தனையும் சாதாரணப் பங்குதாரருக்குச் சேராது. கம்பெனியில் ரூ.100 முகமதிப்பில், 8 சதவிகித ஈவுத்தொகை தரும் 1 லட்சம் மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்குகள் ஆண்டு முழுவதும் இருந்தன. அவற்றுக்கு ரூ.8 லட்சம் போக மிச்சம் ரூ.94 லட்சம். அதை 11.75 லட்சத்தால் வகுத்தால் சரியாக ரூ.8.00. அதாவது, பங்கு ஒன்றின் வருவாய் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திருத்தாத 8.80-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவரோ வருவாய் சரிந்துவிட்டது என்று பயந்து விற்றுவிடுவார்.

அந்த முன்னுரிமைப் பங்குகள் நாளை சாதாரணப் பங்குகளாக மாறக்கூடும். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மாறினால் 2 லட்சம் பங்குகள் கூடும். ரூ.8 லட்சம் ஈவுத்தொகையும் மிச்சமாகும். இப்போது முழு ரூ.1.02 கோடியை 13.75 லட்சத்தால் வகுக்க வேண்டும். ரூ.7.42 வருகிறது. இதுதான் நீர்த்த இ.பி.எஸ். மாற்றுரிமை முழுதாகப் பயன்படுத்தப்பட்டால் நம் பங்குக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை இந்த எண் சொல்கிறது. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான்.

எல்லா மாற்றமும் நீர்க்கச் செய்வதில்லை. ஐந்து முன்னுரிமைப் பங்குக்கு நான்கு சாதாரணப் பங்குதான் என்றால், கூடுவது 80 ஆயிரம். மிச்சமாகும் ரூ.8 லட்சத்தை அதால் வகுத்தால், புதிய பங்கு ஒவ்வொன்றுக்கும் ரூ.10 வருகிறது. இது ரூ.8-ஐவிட அதிகம், சேர்த்தால் இ.பி.எஸ் உயர்ந்துவிடும். அப்படி வந்தால் அந்த மாற்றத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. கட்டாயமாக மாறியே தீரும் முன்னுரிமைப் பங்குகளை, பொதுவாக, ஒப்பந்தம் ஆன நாளிலிருந்தே அடிப்படை இ.பி.எஸ்ஸிலேயே சேர்க்க வேண்டும்.

லாப நட்டக் கணக்கின் அடியில் அடிப்படை, நீர்த்த என இரண்டு எண்களும் இருக்கும். கம்பெனி உரிமைப் பங்கு வெளியிட்ட ஆண்டில், சென்ற ஆண்டு எண்ணைப் பழைய அறிக்கையிலிருந்து எடுக்காதீர்கள். புதிய அறிக்கையில் அதன் பக்கத்திலேயே இருப்பதை எடுங்கள். ரூ.100 விலையைப் பழைய 8.80-ஆல் வகுத்தால் பி/இ 11.4 என்று மலிவாகத் தெரியும். உண்மையான பி/இ 12.5.