பெயரை மாற்றிப் பாருங்கள்

புத்தகக் காட்சியில் ஏதாவது ஒரு கடையில் நின்று, நான்கைந்து புதிய நூல்களின் பின்னட்டையை மட்டும் படித்துப் பார்க்கலாம். சிறு வயது முதலே வாசிப்பில் ஆர்வம் கொண்டவர், பன்முகத் திறமையாளர், தமிழ்ப் பற்று மிக்கவர். படம் வேறு, பெயர் வேறு. குறிப்பு மட்டும் ஒரே ஆளைப் பற்றியதுபோல இருக்கும்.

எழுதியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் நடப்பது வேறு. நூல் அச்சுக்குப் போகும் கடைசி நேரத்தில், "உங்களைப் பத்தி அஞ்சு வரி அனுப்புங்க சார்" என்று பதிப்பகத்திலிருந்து அழைப்பு வரும். தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சம். கையில் அகப்படும் நூலின் பின்னட்டை வழிகாட்டியாகிவிடுகிறது.

கற்பனையாக ஒரு கவிஞரை வைத்துக்கொள்வோம். முதல் தொகுப்புக்கு அவர் அனுப்பும் குறிப்பு இது: "சிறு வயது முதலே வாசிப்பில் தீராத ஆர்வம் கொண்டவர். பல்வேறு இதழ்களில் எண்ணற்ற கவிதைகள் எழுதியுள்ளார். சமூக அக்கறை மிக்க இவர், தனது எளிய நடையால் வாசகர் மனத்தில் நீங்கா இடம் பிடித்தவர்."

முதல் சோதனை, பெயரை மாற்றுவது. இந்த வரிகளுக்கு மேல் வேறொரு கவிஞரின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்கூடத் தவறாகாது. அப்படிப் பொருந்தும் வரி எதுவும் இவரைப் பற்றிய தகவல் அல்ல.

இரண்டாவது சோதனை, எதிர்ப்பதம். வாசிப்பில் ஆர்வமற்றவர் என்றோ, சமூக அக்கறை இல்லாதவர் என்றோ எந்தக் கவிஞராவது போட்டுக்கொள்வாரா? யாரும் மறுத்து எழுத மாட்டாத குணத்தை ஒருவர் சொல்லிக்கொள்வதால் வாசகருக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை.

அடுத்து, 'பல்வேறு', 'எண்ணற்ற' போன்ற சொற்கள் வரும் இடத்தில் எத்தனை, எவை என்று கேட்க வேண்டும். நம் கவிஞருக்கு அது இரண்டு சிற்றிதழ்கள், ஒன்பது கவிதைகள். எண்ணிக்கை சிறியது என்ற தயக்கம்தான் 'எண்ணற்ற' என்று எழுத வைக்கிறது. ஆனால் அந்த இரண்டு இதழ்களின் பெயர்களைச் சொன்னாலே, கவிதை படிக்கிறவருக்கு இவர் எந்த மாதிரி எழுதுகிறவர் என்று பாதி புரிந்துவிடும். 'நீங்கா இடம்' என்பதை அடித்துவிட வேண்டியதுதான். முதல் தொகுப்பு இன்னும் வாசகர் கைக்கே போகவில்லை.

பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். 'ஆர்வம்' தேய்ந்த சொல் என்று 'வேட்கை' போடுவார்கள். 'பன்முகத் திறமை' போய் 'பல தளங்களில் இயங்குபவர்' வரும். மறுபடி பெயரை மாற்றிப் பார்த்தால் அதுவும் எல்லாருக்கும் பொருந்துகிறது. சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தேட வேண்டும். 'சமூக அக்கறை' என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டால் அவர் சொல்கிறார்: அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் செவிலியர் வேலை, அங்கே பார்த்தவைதான் கவிதைகள். இத்தனை நேரம் அது குறிப்பில் இல்லவே இல்லை!

திருத்திய வடிவம்: "தென்காசி மாவட்டம் கடையத்துக்காரர். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 11 ஆண்டுகளாகச் செவிலியர். இரவுப் பணி முடித்து வந்த காலைகளில் எழுதியவை இக்கவிதைகள். இது முதல் நூல்." அவர் எழுதிய இரண்டு இதழ்களின் பெயரையும் சேர்த்தால் குறிப்பு முடிந்தது.

எந்தத் தகவலை வைத்துக்கொள்வது என்பதற்கு அசோகமித்திரன் நல்ல உதாரணம். 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர், ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். இரண்டே தகவல்கள். முன்னது 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலுக்கும், பின்னது சினிமா உலகைச் சொல்லும் 'கரைந்த நிழல்கள்' நாவலுக்கும் வாசலைத் திறந்துவிடுகின்றன. நூலோடு இப்படித் தொடுப்பு உள்ள தகவலுக்கே முதலிடம்.

பிறந்த ஊர், தொழில், வசிக்கும் இடம் என்ற பழகிய வரிசையை மாற்ற வேண்டிய தேவை இல்லை. வாசகர் அதைத் தேடித்தான் பின்னட்டையைத் திருப்புகிறார்.

வார்ப்பைத் தவிர்க்கிறேன் என்று இன்னொரு வார்ப்பில் விழுவதும் உண்டு. தேநீர்ப் பிரியர், மழைக் காதலர், இரண்டு பூனைகளோடு வசிப்பவர் என்பவை இப்போது சமூக ஊடகப் பக்கங்களில் நிறையத் தென்படுகின்றன. தேநீர் பிடிக்கும் என்பது யாருக்கும் பொருந்தும். நீலகிரித் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி நாவல் எழுதியவர், குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலையில் எத்தனை ஆண்டு, என்ன வேலை பார்த்தார் என்று சொன்னால், அந்தத் தேநீரைப் பற்றிக் கேட்க வாசகர் காத்திருப்பார்.