தண்ணீர் வராவிட்டால் எங்கே போவது?

முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினில் பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று கதவு பூட்டிக்கொள்கிறது. அடுத்து தண்ணீர் இறங்கும் இரைச்சல் கேட்கிறது. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் துணியும் தெரியாது, அழுக்கும் தெரியாது. இப்போது எந்த நிலையில் இருக்கிறோம், எது நடந்தால் எந்த நிலைக்கு மாற வேண்டும் என்பது மட்டும் தெரியும். இப்படி எண்ணி முடிக்கக்கூடிய சில நிலைகளுக்குள் நகரும் அமைப்பைத்தான் ஃபைனைட் ஸ்டேட் மெஷின் என்கிறார்கள்.

ஒரு எளிய மெஷினுக்கு ஏழு நிலைகள் போதும்: காத்திருப்பு, நிரப்பு, துவை, வடி, பிழி, முடிவு, பிழை. தாளில் ஏழு வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்பு வரைந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு அம்பின் மேலும் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். நிரப்பு நிலையிலிருந்து துவை நிலைக்குப் போகும் அம்பின் மேல் 'நீர்மட்டம் வந்தது' என்று இருக்கும். மட்டத்தைச் சொல்வது தொட்டியின் அடியிலிருந்து கிளம்பும் ஒரு மெல்லிய குழாய். தண்ணீர் ஏற ஏற அதற்குள் அடைபட்ட காற்று அழுந்துகிறது. அந்த அழுத்தத்தைத்தான் சென்சார் அளக்கிறது.

எந்த நிலையில் எது ஓடும் என்பதையும் வட்டத்துக்குள்ளேயே எழுதிவிடலாம். நிரப்பு என்றால் தண்ணீர் வால்வு மட்டும் திறந்திருக்கும். வடி என்றால் பம்ப் மட்டும் ஓடும். பிழி என்றால் மோட்டாரும் பம்பும் ஓடும். வெளியே நடக்கும் வேலையை நிலை ஒன்றே தீர்மானிக்கும் இந்த முறைக்கு, 1956இல் இதைப் பற்றி எழுதிய எட்வர்ட் மூரின் பெயரே நிலைத்துவிட்டது. வால்வும் பம்பும் ஒரே நேரத்தில் இயங்குமா என்ற சந்தேகத்தை, மெஷினை ஓட்டிப் பார்க்காமல் தாளைப் படித்தே தீர்த்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி.

வடித்த பிறகு எங்கே போவது? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சோப்புத் தண்ணீரை வடித்திருந்தால் அலசுவதற்காக மறுபடி நிரப்ப வேண்டும். கடைசி அலசலை வடித்திருந்தால் பிழிய வேண்டும். வட்டம் ஒன்றுதான், ஆனால் அது எத்தனையாவது முறை என்பது அந்த வட்டத்துக்குத் தெரியாது. நிரப்பு-1, நிரப்பு-2 என்று நிலைகளைப் பெருக்கலாம். அதைவிடச் சுருக்கமான வழி, பக்கத்தில் ஒரு எண்ணியை வைப்பது. ஒவ்வொரு வடிப்பும் முடியும்போது அதில் ஒன்று கூடும். மூன்றுக்குக் குறைவாக இருந்தால் நிரப்பு, மூன்றைத் தொட்டால் பிழி. ஒரு துவைப்பு, இரண்டு அலசல் என்ற கணக்கு அதில் அடங்கிவிடும். காத்திருப்புக்குத் திரும்பும்போது எண்ணியைப் பூஜ்யமாக்க மறந்தால், அடுத்த துணிகள் ஒரே துவைப்போடு, அலசப்படாமல் சோப்புடன் பிழிபடும்.

இதைவிடப் பெரிய தவறு, நிரப்பு நிலைக்கு ஒரே ஒரு வாசல் வைப்பது. குழாயில் தண்ணீர் நின்றுபோனால் 'மட்டம் வந்தது' என்ற செய்தி வரவே வராது. மெஷின் வால்வைத் திறந்துவைத்தபடி விடிய விடியக் காத்திருக்கும். அதனால் காத்திருக்கும் ஒவ்வொரு நிலைக்கும் கடிகாரத்தையே இரண்டாவது வாசலாக வைக்க வேண்டும். நிரப்ப 10 நிமிடம், வடிக்க 3 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் பிழை நிலை: வால்வு மூடும், மோட்டார் நிற்கும், உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கதவு திறக்காது.

ஏழு நிலைகளைக் குறிக்க மூன்று பிட் தேவை. மூன்று பிட்டில் எட்டுச் சேர்க்கைகள் உண்டு. 000 முதல் 110 வரை பயன்பட்டால் 111 மிஞ்சும். மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலில் ஒரு பிட் புரண்டால், வரைபடத்தில் இல்லாத அந்த எட்டாவது இடத்தில் மெஷின் போய் நிற்கக்கூடும். அங்கிருந்து அம்பு எதுவும் இல்லையென்றால் அது அங்கேயே உறைந்துவிடும். ஆகவே 111இலிருந்தும் பிழை நிலைக்கு ஓர் அம்பு கட்டாயம் வேண்டும்.

இவ்வளவு செய்தும் சென்சார் சொல்வதைத் தாண்டி மெஷினுக்கு எதுவும் தெரியாது. புதிதாக வாங்கிய மெஷின் 'தண்ணீர் வரவில்லை' என்று பிழை காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகவே வருகிறது. வடிகால் ஹோஸின் முனையைப் பார்த்தால் காரணம் புரியும்: அது தரையில் கிடக்கிறது, பம்ப் ஓடாதபோதும் அதன் வழியே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. பம்ப் மூடி வைக்கும் வால்வு அல்ல. நின்றிருக்கும் பம்பின் ஊடாகவும் தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடும். உள்ளே வருவதெல்லாம் வெளியே போவதால் மட்டம் ஏறவில்லை, 10 நிமிடக் கடிகாரம் தன் வேலையைச் செய்தது. ஹோஸின் முனையைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டிவிட்டு மறுபடி பட்டனை அழுத்தினால், சில நிமிடங்களில் வால்வு மூடி டிரம் சுழலத் தொடங்கும்.