வட்டமாக இருந்தாலே படர்தாமரையா?

கிள்ளானில் இரவுக் காவல் வேலை பார்க்கும் 55 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காலில் கொசு கடித்த இடத்தைச் சொறிகிறார். சில நாளில் அங்கே 50 சென் நாணயம் அளவில் ஒரு சிவந்த வட்டம். அதிலிருந்து நீர் கசிகிறது, அரிப்பில் தூக்கம் போகிறது. பார்ப்பவர்கள் ‘இது குராப்’ என்கிறார்கள். மருந்துக் கடையில் படர்தாமரைக் களிம்பு வாங்கி மூன்று வாரம் பூசுகிறார். வட்டம் ஆறவில்லை, முன்கையில் இன்னும் இரண்டு வந்துவிட்டன.

இது படர்தாமரையாக இல்லாமல், ‘நம்முலர் எக்ஸிமா’ எனும் நாணய வடிவத் தோல் அழற்சியாக இருக்கலாம். நாணயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இதற்குக் கிருமி காரணம் இல்லை; மற்றவருக்குத் தொற்றாது. வறண்ட தோலும் பூச்சிக்கடி, சிராய்ப்பு போன்ற சிறு காயங்களும் இதைத் தூண்டக்கூடும். முழங்காலுக்குக் கீழேயும் முன்கையிலும்தான் அதிகம் வரும்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது, தொற்றக்கூடியது. அதன் ஓரம் மேடாகச் செதில் விட்டிருக்கும். நடுப்பகுதி தெளிந்து, வளையம் மெல்ல வெளிப்பக்கம் விரியும். எக்ஸிமா வட்டத்திலோ பொடிக் கொப்புளங்கள் ஒன்றுசேர்ந்து, வட்டம் முழுவதும் சிவந்து கசியும். பிறகு பொருக்குக் கட்டும். ஆனாலும் கண்ணை மட்டும் நம்ப முடியாது. ஆறத் தொடங்கும் எக்ஸிமாவும் நடுவில் தெளிந்து, வளையம் போலத் தோன்றும்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. வட்டத்தின் ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் தெரிந்தால் படர்தாமரை. பூஞ்சைக் களிம்பு ஏற்கெனவே பூசியிருந்தால் இழைகள் தெரியாமல் போகலாம். அதனால் என்ன பூசினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். டியூப்பையும் கொண்டு போங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்? இரண்டுக்கும் மருந்து வேறு. எக்ஸிமாவுக்கு மருத்துவர் தரும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பும், ஈரப்பதம் காக்கும் களிம்பும் தேவை. அதே ஸ்டீராய்டைப் படர்தாமரையில் பூசினால் அரிப்பும் சிவப்பும் அடங்கி, குணமானது போலத் தெரியும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். வளைய உருவமும் கலைவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமமாகும். வீட்டில் ஒருவருக்குக் கொடுத்த டியூப்பை இன்னொருவர் பூசுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

நம் காவலருக்குச் சோதனையில் பூஞ்சை இல்லை என்று வைத்துக்கொள்வோம். வட்டம் தட்டையாகி அரிப்பு நிற்கும்வரை, மருத்துவர் சொன்ன காலத்துக்கு ஸ்டீராய்டு களிம்பைப் பூச வேண்டும். இதற்குச் சில வாரம் ஆகலாம். குளித்து ஈரம் ஒற்றியதும் ஈரப்பதக் களிம்பு. சுடுநீர்க் குளியலும் கடுமையான சோப்பும் வேண்டாம். ஆறிய பிறகும் கறுத்த தழும்பு சில மாதம் இருக்கும். அதே இடத்தில் நோய் மீண்டும் வரவும் கூடும்.

மஞ்சள் பொருக்கு, சீழ், வலி, காய்ச்சல் இருந்தால் புண்ணில் கிருமி ஏறியிருக்கலாம். அப்போது களிம்பை மாற்றி மாற்றிப் பார்க்காமல் உடனே கிளினிக் போங்கள்.