ஆட்டு ஊசியும் அல்சேஷன் நாயும்

பேசாலையில் ஆடும் நாயும் ஒரே வளவில் வளர்வது புதினமில்லை. ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசிமருந்தில் மிச்சம் இருந்தால், சொறி பிடித்த நாய்க்கும் அதில் கொஞ்சம் போடலாமே என்று தோன்றும். ஊர் நாய்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அல்சேஷன் அல்லது கொலி இரத்தம் கலந்த நாய் என்றால் நிலைமை வேறாகலாம்.

மூளைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. தோணிக்குள் கசியும் தண்ணீரை இறைத்து ஊற்றுவதுபோல, மூளைக்குள் நுழையப் பார்க்கும் மருந்தை அது திரும்ப இரத்தத்துக்கே தள்ளிவிடும். அதை உருவாக்கும் எம்டிஆர்1 மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தால் புரதம் பாதியிலேயே நின்றுபோகும். கொலி நாய்களில் இந்தக் குறையை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கத்ரீனா மீலியும் குழுவினரும் 2001இல் கண்டறிந்தனர். பிரித்தானியாவின் பழைய மந்தை நாய் வம்சம் ஒன்றிலிருந்து அது பரவியது என்கிறது 2004இல் வந்த ஆய்வு. அமெரிக்கக் கொலிகளில் பத்தில் ஏழு இதைச் சுமக்கின்றன. அல்சேஷன்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் ஆபத்து அதிகம். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குறைவு, ஆனால் இல்லாமல் போகாது.

இனி அளவைப் பார்ப்போம். ஆடுமாடுகளுக்கான ஒரு வீத மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் ஐவர்மெக்டின் உண்டு. 25 கிலோ ஆட்டுக்கு அரை மில்லிலீற்றர் போடுவது வழக்கம். அதே எடையுள்ள நாய்க்கு அதே அளவைப் போட்டால், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஏறும். குறையுள்ள நாய்க்கு 100 மைக்ரோகிராமிலேயே நஞ்சேறத் தொடங்கலாம். இதயப் புழுவைத் தடுக்க மாதம் ஒருமுறை கொடுக்கும் குளிசையில் இருப்பதோ கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம். அது இந்த நாய்களுக்கும் பாதுகாப்பானதே. ஆக, பயப்பட வேண்டியது மருந்தின் பெயருக்கு அல்ல, அளவுக்கு. மருந்து போட்ட ஆடுமாடுகளின் சாணத்தைத் தின்றும் நாய்க்கு நஞ்சேறலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

குடற்புழுவுக்கென்றால் வேறு வழி உண்டு. பைரன்டெல், பிராசிகுவான்டெல், பென்பென்டசோல் ஆகியவற்றால் இந்த மரபணுக் குறை காரணமாகச் சிக்கல் வருவதில்லை.

நஞ்சேறினால் சில மணித்தியாலங்களில் கண்மணி விரியும், எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும். கண் தெரியாமல் சுவரில் முட்டும். பிறகு நடுக்கம், மயக்கம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருந்து உடம்பை விட்டு நீங்கும்வரை சேலைன் ஏற்றி, மூச்சையும் உடல் வெப்பத்தையும் காக்க வேண்டும். அதற்கு நாட்கள், சிலவேளை வாரங்கள் பிடிக்கும். மிருக வைத்தியரிடம் ஓடும்போது மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு போட்டோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.